ஆடாத போட்டியில் கிடைத்த இருபது ஓவர்

"அண்ணா, வெள்ளிக்கிழமை இரவு பார்த்தபோது எங்கள் அணி குழுவில் முதலாம் இடம். ஞாயிறு காலை பார்த்தால் மூன்றாம் இடம், அரையிறுதியும் இல்லை. இடையில் எங்கள் குழுவில் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. சிவப்பு அணி வராதது எங்கள் குற்றமா? நாங்கள் நேரத்துக்கு மைதானத்தில் நின்றோம். தந்த வோக் ஓவரைத் திருப்பி எடுத்துவிட்டீர்களா? பெடியங்களுக்கு நான் என்ன சொல்ல?"
– நீல அணித்தலைவர், திருகோணமலை

தம்பி, பெடியங்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: வோக் ஓவரை யாரும் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் போட்டியில் வென்றது நீங்கள்தான், அதற்குரிய 2 புள்ளிகளும் உங்களிடம்தான். மொத்தம் 6 புள்ளி, வெள்ளிக்கிழமையும் 6, இன்றைக்கும் 6. மாறியது நிகர ஓட்ட வேகம் மட்டும். +1.860 என்று இருந்தது +0.232 ஆகிவிட்டது. மற்ற அணித்தலைவர்கள் சிலரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். கழகப் பெயர்களைப் போடாமல் சட்டை நிறத்தால் குறிப்பிடுகிறேன்.

குழுவில் ஐந்து அணிகள். நீலம், வெள்ளை, பச்சை மூன்றுக்கும் தலா 6 புள்ளி, சிவப்புக்கு 2, மஞ்சளுக்கு ஒன்றும் இல்லை. சமபுள்ளி என்றால் முதலில் இந்த அணிகள் தங்களுக்குள் மோதியதில் யார் வென்றது என்றுதான் பார்ப்போம். ஆனால் வெள்ளை உங்களை வென்றது, நீங்கள் பச்சையை வென்றீர்கள், பச்சை வெள்ளையை வென்றது. வட்டமாகச் சுற்றுகிறது, அதை வைத்து யாரையும் மேலே தூக்க முடியாது. அதனால் அரையிறுதிக்குப் போகும் இரண்டு அணிகளை நிகர ஓட்ட வேகம்தான் தீர்மானித்தது. வேறு ஒரு வருடமாக இருந்தால் இந்தத் திருத்தத்தை யாரும் கவனித்தே இருக்கமாட்டார்கள்.

இனி வோக் ஓவர் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சிவப்பு அணியின் வான் மூதூரிலிருந்து வரும் வழியில், கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த ஏழு பேர் மட்டும் ஏகாம்பரம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம் விதிப்படி நாணயச் சுழற்சி நேரத்தில் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும், அரை மணித்தியாலம் அவகாசம் உண்டு. 9.30க்கு நடுவர்கள் வோக் ஓவர் அறிவித்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு அந்த முடிவைக் கைத்தொலைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்கோர் இல்லாமல் அந்தப் போட்டியை மூட முடியாததால், மைதானத்தில் இருந்த ஸ்கோரர் ஒரு ஸ்கோரைக் கொடுத்து மூடினார்: சிவப்பு 0 ஓட்டம், சகல விக்கெட்டுகளும் இழப்பு, நீலம் 1 ஓட்டம், ஒரு பந்தில். வென்ற அணி சரியாக விழுந்தது, புள்ளியும் சரியாக விழுந்தது. அப்படிப் போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பார்த்தால் அப்பாவித்தனமான ஸ்கோர். ஆனால் அதற்குள் ஒரு பெரிய பரிசு ஒளிந்திருக்கிறது.

பரிசு எங்கே என்று பார்க்க, நிகர ஓட்ட வேகக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் எல்லாப் போட்டிகளிலும் எடுத்த மொத்த ஓட்டத்தை, ஆடிய மொத்த ஓவரால் பிரிக்கிறோம். அதிலிருந்து, உங்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட மொத்த ஓட்டத்தை நீங்கள் வீசிய மொத்த ஓவரால் பிரித்துக் கழிக்கிறோம். ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியே வேகம் கண்டு சராசரி எடுப்பது பிழை. எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும். ஓர் அணி சகல விக்கெட்டுகளையும் இழந்தால், அது எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு 20 ஓவரும் ஆடியதாகவே கணக்கு. இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அணி உண்மையில் ஆடியது மூன்று போட்டி. வெள்ளைக்கு எதிராக 20 ஓவரில் 128 எடுத்தீர்கள், அவர்கள் 19 ஓவரில் 129 எடுத்து வென்றார்கள். பச்சைக்கு எதிராக 146 எடுத்தீர்கள், அவர்கள் 139. இரு பக்கமும் 20 ஓவர். மஞ்சள் 20 ஓவரில் எடுத்த 112ஐ நீங்கள் 18 ஓவரில் 113 எடுத்துத் தாண்டினீர்கள். கூட்டினால் நீங்கள் எடுத்தது 58 ஓவரில் 387, ஓவருக்கு 6.672. உங்களுக்கு எதிராகப் போனது 59 ஓவரில் 380, ஓவருக்கு 6.441. வித்தியாசம் +0.232. (தசமத்தை இடையில் வெட்டாமல் கடைசியில் மட்டும் முழுமையாக்கினால் இந்த எண் வரும். இடையிலேயே முழுமையாக்கினால் 0.231 என்று காட்டும்.)

சரி, இப்போது செயலியில் ஏற்றிய அந்த ஸ்கோரைச் சேர்த்துப் பாருங்கள். எடுத்த ஓட்டம் 387 இலிருந்து 388, ஓவர் 58 உடன் ஒரு பந்து. வேகம் 6.670, அதாவது அசையவே இல்லை. பலர் அந்த "ஒரு பந்தில் ஒரு ஓட்டம்" தான் உங்களைத் தூக்கியது என்று நினைக்கிறார்கள். அது இல்லை. மறுபக்கத்தைப் பாருங்கள். சிவப்பு 0க்கு எல்லோரும் ஆட்டமிழந்தது என்று போட்டதால், செயலி அதை முழு 20 ஓவராக எடுத்துக்கொண்டது. அதே 380 ஓட்டம், ஆனால் நீங்கள் வீசிய ஓவர் 59 இலிருந்து 79. ஓட்டமே கொடுக்காத 20 ஓவர், ஒரு பந்துகூட வீசாமல் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. 380ஐ 79ஆல் பிரித்தால் 4.810. அங்கேதான் +1.860 வந்தது.

வெள்ளையும் பச்சையும் நான்கு போட்டியையும் ஆடியே முடித்தவர்கள். வெள்ளை 74 ஓவரில் 543 எடுத்து, 80 ஓவரில் 503 கொடுத்திருக்கிறது: +1.050. பச்சை 77 ஓவரில் 564, கொடுத்தது 80 ஓவரில் 542: +0.550. இந்த இரண்டு எண்ணிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. உங்கள் எண் இறங்கியதால் அவர்கள் மேலே வந்தார்கள், வேறொன்றும் இல்லை. எந்த அணியையும் யாரும் தூக்கிவிடவில்லை என்பதைப் பச்சை அணியின் பெடியங்களிடம் கோபப்படும் உங்கள் ஆட்களுக்குத் தயவுசெய்து விளக்குங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதுதான் அடுத்தது. சர்வதேச கிரிக்கெட் பேரவையின் ஆட்ட நிபந்தனைகளில் இருப்பதைத்தான் நம் லீக்கும் எடுத்திருக்கிறது: போட்டியை விட்டுக்கொடுத்த அணிக்கு, அதன் இன்னிங்ஸின் முழு ஓவரும் ஓட்டமே இல்லாமல் கணக்கில் சேரும். வென்ற அணியின் நிகர ஓட்ட வேகத்தை அந்தப் போட்டி தொடாது. தண்டனை வராதவருக்கு. வந்தவருக்குப் புள்ளி உண்டு, வேகத்தில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

1996 உலகக் கிண்ணம் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கொழும்புக்கு ஆட வரவில்லை, இரண்டு போட்டியின் புள்ளிகளும் இலங்கைக்கே கிடைத்தன. குழுவில் இலங்கை ஐந்து வெற்றி, 10 புள்ளி; மட்டையும் பந்தும் எடுத்து ஆடியது சிம்பாப்வே, இந்தியா, கென்யா ஆகிய மூன்றோடு மட்டும். அங்கே புள்ளியே குழுவின் முதலிடத்தைத் தீர்த்துவிட்டது. உங்கள் குழுவில் மூன்று அணி ஒரே புள்ளியில் நிற்பதால், வோக் ஓவருக்கு இல்லாத ஸ்கோர் ஒன்று எழுதப்பட்டது வெளியே வந்துவிட்டது.

சிவப்பு அணித்தலைவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேகம் -2.470 இலிருந்து -2.473க்குத்தான் போயிருக்கிறது, ஏனென்றால் அந்த 20 ஓவர் சுழியம் முன்பே உங்கள் கணக்கில் விழுந்திருந்தது. அதை எடுத்துவிடும்படி கேட்டு எழுதியிருந்தீர்கள். எடுத்தால் -0.923 வரும் என்பது உண்மை. ஆனால் அதை எடுக்க விதி இடம் தராது. வான் பழுதானது உங்கள் குற்றம் இல்லை என்பது எனக்குத் தெரியும். விதி காரணத்தைப் பார்ப்பதில்லை. காரணம் பார்க்கத் தொடங்கினால், தோற்கும் போட்டிக்கு வராமல் இருந்து வேகத்தைக் காப்பாற்றும் வழி திறந்துவிடும். அந்த 20 ஓவர் சுழியம் இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

ஏன் வெள்ளிக்கிழமை வரை பிழையான பட்டியல் நின்றது என்றும் கேட்டிருக்கிறார்கள். செயலி காட்டுவது அவ்வப்போது தானாக ஓடும் பட்டியல். குழுப் போட்டிகள் முடிந்த பிறகு நடுவர்களின் அறிக்கைகளையும் ஸ்கோர் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்துத்தான் இறுதிப் பட்டியல் வரும். சனிக்கிழமை அதைத்தான் செய்தேன். அதில் ஒரு சோதனை உண்டு, விருப்பமான அணித்தலைவர்கள் நீங்களும் செய்து பார்க்கலாம். குழுவில் எல்லா அணிகளும் துடுப்பாடிய ஓவர்களைக் கூட்டுங்கள், எல்லா அணிகளும் வீசிய ஓவர்களையும் கூட்டுங்கள். ஒருவர் ஆடிய ஓவர் இன்னொருவர் வீசிய ஓவர்தானே, அதனால் இரண்டும் சமமாக வர வேண்டும். ஓட்டமும் அப்படியே.

ஆனால் வோக் ஓவர் ஒன்று இருக்கும் குழுவில் ஓவர் சமமாக வரக்கூடாது. விட்டுக்கொடுத்த அணிக்கு 20 ஓவர் ஆடியதாகச் சேருகிறது, அதை வீசியதாக யாருக்கும் சேருவதில்லை. ஆகவே சரியாக 20 ஓவர் வித்தியாசம் இருக்க வேண்டும். நம் செயலிப் பட்டியலில் இரண்டு கூட்டுத்தொகையும் பிசகில்லாமல் ஒத்துப்போனது. அதுதான் பிழைக்கு அடையாளம்: வோக் ஓவர் ஒன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும், கணக்கோ ஆடிய போட்டியைப் போல நிற்கிறது. நடுவர் அறிக்கையை எடுத்தேன், அதில் ஸ்கோர் எதுவும் இல்லை, "வோக் ஓவர்" என்பதும் 9.30 என்ற நேரமும் இரண்டு கையொப்பமும்தான் இருந்தன. செயற்குழுவுக்கு அறிவித்து, அந்தப் போட்டியின் ஸ்கோரை நீக்கி, முடிவை மட்டும் வைத்தோம். ஞாயிறு காலை நீங்கள் பார்த்தது அது.

ஓவர் கூட்டும்போது கவனம். 18.3 என்று எழுதியிருந்தால் அது 18 ஓவரும் மூன்று பந்தும், அதாவது பதினெட்டரை. கணிப்பானில் 18.3 என்றே அடித்தால் விடை தவறும். எல்லாவற்றையும் பந்தாக்கிக் கூட்டி, கடைசியில் ஆறால் பிரிப்பதே பாதுகாப்பு.

இனி உங்கள் மனக்குறைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. சிவப்பு வந்து ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர்கள் வெள்ளையிடம் 120, பச்சையிடம் 118 எடுத்தவர்கள். உங்களுக்கு எதிராகவும் 20 ஓவரில் 120 எடுத்திருப்பார்கள் என்று வையுங்கள். நீங்கள் முதலில் ஆடி 150 எடுத்திருந்தால் உங்கள் வேகம் +0.556 ஆகிப் பச்சையை மயிரிழையில் தாண்டியிருப்பீர்கள். 149 என்றால் தாண்டியிருக்கமாட்டீர்கள். வெள்ளை அவர்களை 42 ஓட்டத்தால் வென்றது. ஆக 30 ஓட்ட வெற்றி உங்களுக்கு எட்டாத ஒன்று இல்லை. அந்த வாய்ப்பு உங்கள் கையில் இல்லாமல் போனது, அது இழப்புத்தான். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த இழப்பை எந்த எண்ணால் ஈடுசெய்வது? அந்தப் போட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்றால், மற்ற மூன்று போட்டிகளில் ஆடிய அதே தரத்தில்தான் இதையும் ஆடியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வதற்குச் சமம். கிட்டத்தட்ட அதே +0.232 தான் வரும். அதைவிட நன்றாக ஆடியிருப்பீர்கள் என்று லீக் முடிவுசெய்ய முடியாது. மோசமாக ஆடியிருப்பீர்கள், தோற்றுமிருக்கலாம், அப்போது அந்த 2 புள்ளியே இல்லை என்று பச்சை அணித்தலைவர் வாதாடினால் அதற்கும் பதில் சொல்ல முடியாது. ஊகிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த விதி எனக்குச் சரியாகப் படுகிறது.

மீண்டும் ஒரு போட்டி வைக்கலாமே என்று உங்கள் உபதலைவர் கேட்டார். சிவப்பு அணியும் சம்மதம் என்றது. நான் செயற்குழுவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிவப்புக்கு இனி வெல்லவோ இழக்கவோ எதுவும் இல்லை. நீங்களோ எத்தனை ஓட்டம், எத்தனை வித்தியாசம் வேண்டும் என்பதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு இறங்குவீர்கள். பச்சை அப்படி ஒரு போட்டியும் ஆடவில்லை. அவர்களுடைய இடம் அவர்கள் ஆடாத மைதானத்தில் தீர்மானிக்கப்படுவது நியாயமில்லை.

முறையீடு செய்ய விரும்பினால் அதற்கு இடம் உண்டு, அரையிறுதி நாணயச் சுழற்சிக்கு முன் எழுத்தில் தர வேண்டும். வாதாட எதை எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கை எதிர்த்து வாதாடுவதில் பலன் இல்லை. வோக் ஓவர் கொடுத்ததே முறையா, அவகாசம் முழுதாகக் கொடுக்கப்பட்டதா, போட்டியை வேறு நாளுக்கு ஒத்திவைக்க சிவப்பு அணி முதல் நாளே கேட்டதா என்பவைதான் கேட்கக்கூடிய கேள்விகள். என் கையில் உள்ள அறிக்கையின்படி வான் நின்றது அன்று காலைதான், ஒத்திவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒத்திவைத்த போட்டி வேறு, விட்டுக்கொடுத்த போட்டி வேறு. முன்னதில் இரு அணிக்கும் ஆடும் உரிமை மிஞ்சும், பின்னதில் மிஞ்சாது.

மற்றக் குழுவில் இன்னும் இரண்டு போட்டி மக்கெய்சர் மைதானத்தில் இருப்பதால் எல்லா அணித்தலைவர்களுக்கும் சொல்கிறேன். எதிரணி வராவிட்டால் உங்கள் பதினொரு பேரின் பட்டியலை நடுவரிடம் கொடுத்து, அவகாசம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அவர் கையால் எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய ஒரே ஆவணம் அது. நின்ற நேரத்தில் பயிற்சிக்காக இருக்கிற ஏழு பேருடன் ஆடினால் அதை ஸ்கோர் புத்தகத்தில் எழுத வேண்டாம். ஸ்கோரர்கள் செயலியில் ஓட்டம் எதுவும் போடாமல் போட்டியைத் திறந்தபடியே விட்டு, நடுவர் அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நான் முடிவை மட்டும் ஏற்றுவேன். அதுவரை செயலியின் பட்டியலில் அந்தப் புள்ளி தெரியாது, அன்றிரவு யாரும் பதற வேண்டாம்.

நீல அணிக்கு: உங்கள் மூன்று போட்டியின் பந்துக் கணக்கையும் தனித்தாளில் எழுதி, பச்சை, வெள்ளை அணிகளின் தாள்களுடன் சேர்த்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்துக்கு உங்கள் ஸ்கோர் புத்தகத்துடன் வாருங்கள், வரிக்கு வரி ஒப்பிடலாம். மற்ற இரண்டு அணித்தலைவர்களும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.